ஒரு படம் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும்?

டிஜிட்டல் போட்டோ ஃபிரேம் வாங்கப் போறவர்கள் முதலில் பார்ப்பது அதன் அளவை. பிறகு விலையை. அதற்குப் பிறகு எத்தனை படம் கொள்ளும் என்பதை. ஒரு படம் திரையில் எத்தனை செக்கன் நிற்கும் என்று கடையில் யாரும் கேட்பதில்லை. வெள்ளவத்தையில் அம்மம்மா தாத்தா வீட்டிலும், கொட்டாஞ்சேனையில் அப்பம்மா வீட்டிலும் ஆளுக்கொரு ஃபிரேம் வைத்துக் கொடுத்த அக்கா தங்கச்சி எங்கள் இருவருக்கும் அதிக வேலை வைத்தது அந்தச் செக்கன் கணக்குத்தான். அந்தக் கணக்கு கடைசியில் வேறெங்கோ போய் நின்றது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஃபிரேம் இரண்டும் ஒரே மாதிரி. ரொறொன்ரோவில் இருந்து சின்னமாமா வரும்போது கொண்டுவந்தவை. பத்து அங்குலத் தொடுதிரை, நினைவகம் உள்ளேயே இருக்கிறது, கைப்பேசிச் செயலியால் படம் அனுப்பலாம். கனடா பிளக் எங்கள் சுவரில் ஏறாது. ஆனால் பவர் அடப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சடித்திருந்தால் மின்சாரம் பற்றிக் கவலையில்லை, பிளக்கின் முனையை மாற்றும் சின்ன அடப்டர் ஒன்று போதும். வைஃபையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மாதிரி ஃபிரேம்கள் பல 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையை மட்டும்தான் பிடிக்கும். ரவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸையும் சேர்த்து அனுப்பினால், உங்கள் போனில் தெரிகிற பெயர் ஃபிரேமில் தெரியாமல் போகலாம். அது ஃபிரேமின் பழுதில்லை, மற்றப் பெயரைத் தேடவேண்டும், அவ்வளவுதான். எல்லாம் பொருத்திய பிறகு வயரைக் கழற்றி மறுபடி மாட்டிப் பாருங்கள். தானாகவே எழும்பிப் படம் காட்டத் தொடங்கவேண்டும். கரண்ட் போய் வந்த பிறகு ஒவ்வொரு தடவையும் பேரப்பிள்ளை வந்து பொத்தான் அமத்துகிற ஃபிரேம், ஒரு மாதத்தில் அலுமாரிக்குள் போய்விடும்.

இனி செக்கன் கணக்கு. பெட்டியால் எடுத்தபோது ஒரு படத்துக்குப் பத்துச் செக்கன் என்றுதான் இருந்தது. எங்கள் கண்ணுக்கு அது தாராளம். நாங்கள் போனில் ஒரு படத்தை இரண்டு செக்கன்கூடப் பார்ப்பதில்லை. அம்மம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்:

“உது என்ன, பஸ்ஸில போறமாதிரி இருக்கு. கண்ணாடியை எடுத்துப் போடுறதுக்குள்ள ஆள் போட்டுது.”

எத்தனை செக்கன் வேண்டும் என்று அவரிடமே கேட்டால் பதில் வராது. செக்கனில் யார் யோசிக்கிறார்கள்? அதனால் ஒரு சனிக்கிழமை பின்னேரம் தானாக ஓடுவதை நிறுத்திவிட்டு, இருபது படத்தை நாங்களே விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினோம். ஒருத்தி தள்ள, மற்றவள் போனில் நேரம் குறித்தாள். படம் வந்ததில் இருந்து இரண்டு பேரும் கண்ணை எடுக்கும்வரைக்கும் கணக்கு. ஒரு குழந்தை தனியாக நிற்கிற படத்துக்குப் பதினைந்து செக்கன் அளவு போனது. இரண்டு மூன்று பேர் நிற்கிற படத்துக்கு அரை நிமிடம் தாண்டியது. கலியாண வீட்டுக் குழுப்படத்துக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல்.

ஏன் இவ்வளவு நேரம் என்று பார்த்தால், பார்வைக் குறைவு அதில் ஒரு பங்கு மட்டும்தான். படம் மாறியதை அம்மம்மா கவனிக்கவேண்டும். கண்ணாடி தேடவேண்டும். “இஞ்சருங்கோ, இதைப் பாருங்கோ” என்று தாத்தாவைக் கூப்பிடவேண்டும். தாத்தா பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் திரும்பவேண்டும். அவர் ஒரு பெயர் சொல்லுவார். அம்மம்மா இல்லையென்பார். “அது கமலத்தின்ர மூத்தவள். கமலம் இவளுக்குப் பின்னால நிக்கிறாள், தலை மட்டும் தெரியுது” என்று ஒரு தீர்ப்பு வரும். அதன் பிறகுதான் அந்தப் படம் முடிகிறது. பத்துச் செக்கன் என்று வைத்தவர் திரைக்கு முன்னால் ஒரு ஆள் இருப்பதாக நினைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள், இரண்டு பேரும் ஒத்துப்போகவேண்டும்.

எங்கள் ஃபிரேமில் நினைத்த எண்ணைப் போடமுடியாது. 10 செக்கன், 30 செக்கன், 1 நிமிடம், 5 நிமிடம், 15 நிமிடம் என்று ஒரு பட்டியல் வரும், அதில் ஒன்றைத் தெரியவேண்டும். 5 நிமிடம் வைத்துப் பார்த்தோம். தாத்தா எழும்பிப் போய்த் திரையைத் தட்டினார், “இறுகிப்போச்சுப்போல” என்றார். ஆகவே 1 நிமிடம். ஆனால் ஒரு நிமிடத்துக்குள் குழுப்படம் அடங்காது என்பது எங்களுக்குத் தெரியும். அதற்கு நேரத்தைக் கூட்டாமல், குழுப்படத்தைப் பிரித்தோம். முதலில் முழுப்படம், அடுத்தது இடப்பக்கப் பாதி, அதற்கடுத்தது வலப்பக்கப் பாதி. போனிலேயே வெட்டி இதே ஒழுங்கில் அனுப்பினால் ஃபிரேமும் அதே ஒழுங்கில் காட்டும். கலியாணப் படத்துக்கு இப்போது மூன்று நிமிடம். பாதிப் படங்களில் முகமும் பெரிதாகத் தெரிகிறது. இது வேலை செய்யவேண்டுமென்றால் படங்களைக் கலைத்துப் போடுகிற அமைப்பை நிறுத்தவேண்டும். இல்லாவிட்டால் வலப்பக்கத்து ஆட்கள் காலையிலும் இடப்பக்கத்து ஆட்கள் இரவிலும் வருவார்கள்.

படம் மெல்ல மெல்லப் பெரிதாகி நகர்கிற அலங்காரம் ஒன்றும் இருக்கும். அதையும் நிறுத்திவிட்டோம். பெயர் தேடுகிற கண்ணுக்கு முகம் அசையாமல் நிற்கவேண்டும்.

திரையை நிரப்புவதா, முழுப்படத்தையும் காட்டுவதா என்கிற தெரிவு இதைவிட முக்கியம். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் பொதுவாக 3:4 அளவு, உயரம் கூட. ஃபிரேமின் திரை படுக்கையாக 1280 × 800. அந்த நிமிர்ந்த படத்தால் இந்தத் திரையை நிரப்பச் சொன்னால், ஃபிரேம் அதன் உயரத்தில் பாதிக்கு மேல் வெட்டிவிடும். மிஞ்சுவது நடுப்பகுதி. அனேகமாக சாறியும் கையும் தெரியும், தலை தெரியாது. படங்களில் தலை இல்லாமல் வந்தால் காரணம் இந்த ஒன்றுதான். முழுப்படம் என்று மாற்றினால் இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கும், ஆனால் எல்லாருக்கும் தலை இருக்கும்.

அடுத்தது, படம் எங்கேயிருந்து வரும் என்பது. எங்கள் சொந்தம் ஸ்கார்பரோ, லண்டன், சிட்னி, யாழ்ப்பாணம் என்று பரந்து கிடக்கிறது. கூகுள் போட்டோஸில் ஒரு பகிர்ந்த ஆல்பம் திறந்து எல்லாரையும் சேர்த்தோம். இணைப்பு வைத்திருக்கிற எவரும் பார்க்கலாம் என்கிற வசதியை மூடிவிட்டு, ஒவ்வொருவரையும் அவரவர் கணக்கால் அழைத்தோம். அந்த இணைப்பு வட்ஸ்அப் குழுக்களில் எங்கெல்லாம் போகுமென்று சொல்லமுடியாது.

ஆல்பத்தில் போட்டதெல்லாம் தானாக ஃபிரேமுக்கு வந்துவிடும் என்றுதான் சொந்தக்காரர் எல்லாரும் நினைத்திருந்தார்கள். முன்பு அப்படி ஓடிய ஃபிரேம்கள் இருந்தன. ஆனால் மற்ற நிறுவனங்களின் செயலிகள் ஒருவருடைய கூகுள் ஆல்பங்களை முழுதாக வாசிக்கிற அனுமதியை, கூகுள் 2025 மார்ச் 31 உடன் நிறுத்தியது. அந்தச் செயலிகளுக்கு இப்போது கிடைப்பது தாங்களே ஏற்றிய படங்களும், நீங்கள் தெரிந்து எடுத்துக் கொடுக்கிற படங்களும்தான். ஒரு சில வகைக் கருவிகளுக்கு மட்டும் வேறு வழி இருக்கிறது. ஆகவே ஃபிரேம் பெட்டியில் கூகுள் போட்டோஸ் என்று எழுதியிருந்தால், புதுப்படம் இப்போதும் தானாக வருகிறதா என்று வாங்கமுதல் கேளுங்கள்.

எங்கள் ஃபிரேமுக்கு அந்த வழி இல்லை. அதனால் ஆல்பம் ஒரு தபால்பெட்டி மாதிரி. ஞாயிறு இரவில் நாங்கள் அதைத் திறந்து, ஏழெட்டுப் படம் தெரிந்து, ஃபிரேமின் செயலியால் அனுப்புகிறோம். அனுப்பிய படம் ஃபிரேமின் நினைவகத்திலேயே தங்கிவிடும். டேட்டா முடிந்தாலும் பழைய படங்கள் ஓடும், புதுப்படம் மட்டும் வராது. இதில் ஒரு சிக்கல்: இணைப்பு அறுந்தது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு ஞாயிறும் கடைசிப் படத்தை அனுப்பிவிட்டு, “இப்ப என்ன படம் புதுசா வந்தது?” என்று போனில் கேட்கிறோம்.

கையால் தெரிந்து அனுப்புவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஃபிரேம் காலை ஆறு மணிக்கு விழித்து இரவு ஒன்பதுக்கு உறங்குகிறது. பதினைந்து மணித்தியாலம், ஒரு படத்துக்கு ஒரு நிமிடம், ஆக நாளுக்கு 900 தடவை படம் மாறும். ஆல்பத்தில் சேர்ந்திருந்த 1,200 படத்தையும் போட்டால், சில படங்கள் இன்றைக்கு வரவே வராது. நாங்கள் வெள்ளவத்தை ஃபிரேமில் 180 படம்தான் வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றும் நாளுக்கு ஐந்து தடவை வருகிறது. காலையில் பெயர் பிடிபடாத ஆள் பின்னேரம் பிடிபடுவார். புதிது எட்டுப் போனால் பழையது எட்டு இறங்கவேண்டும்.

ஆல்பத்துக்கு வந்தவற்றுள் எல்லாரையும் நிறுத்திவைத்தவை லண்டனில் இருந்து வந்த பதினொரு படங்கள். 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் எரிந்த வீடுகளில் அம்மம்மாவின் வாடகை வீடும் ஒன்று. ஆல்பங்கள் இரண்டும் அதோடு போயின. கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய் இறங்கும்போது கையில் ஒரு படம்கூட இல்லை என்று அம்மா சொல்லுவார். ஆனால் எழுபதுகளில் அம்மம்மா லண்டனில் இருந்த தன் தங்கைக்குப் படம் அனுப்பியிருக்கிறார். நீல ஏரோகிராமுக்குள் எதுவும் வைத்து அனுப்பக்கூடாது, ஆகவே தனி உறையில், கூடுதல் முத்திரை ஒட்டி. அந்தத் தங்கை, எங்களுக்குச் சின்னம்மம்மா, அவற்றை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் பத்திரமாக வைத்திருந்தார். எரிந்த ஆல்பத்தின் பிரதி ஐம்பது வருடமாக லண்டனில் இருந்திருக்கிறது.

அவருக்கு எண்பது வயது. ஸ்கானர் கிடையாது. போனில் பேசிப் பேசித்தான் எடுக்கவைத்தோம். மின்குமிழுக்குக் கீழே எடுத்தால் பளபளப்பான தாளில் வெள்ளைப் பொட்டு விழும், ஆகவே பகலில், ஜன்னலுக்குப் பக்கத்து மேசையில், ஃபிளாஷ் இல்லாமல். போனைச் சாய்க்காமல் படத்துக்கு நேர்மேலே பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் நாலு மூலையும் சரியாக வராது. கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த ஒரு படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. அதை இழுக்கவேண்டாம், கண்ணாடியோடேயே எடுங்கள் என்றோம். ஈரத்தில் ஒட்டிய படத்தைப் பிரித்தால், முகம் இருக்கிற பூச்சுத்தான் முதலில் உரிந்து கண்ணாடியில் தங்கும்.

படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பாமல் நேரே ஆல்பத்தில் ஏற்றச் சொன்னோம். பத்து அங்குலத் திரைக்கு வட்ஸ்அப் சுருக்கிய படமும் போதும்தான். ஆனால் வட்ஸ்அப் படத்துக்குள் இருக்கிற திகதியை எடுத்துவிடும். பழைய படத்துக்கு எப்படியும் போனால் எடுத்த நாள்தான் பதிவாகும், அதை ஏற்றிய அவருடைய கணக்கிலேயே திறந்து ஆண்டை மாற்றவைத்தோம். இல்லையென்றால் 1971, போன கிழமைப் பிறந்தநாளுக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

பின்பக்கத்தையும் எடுக்கச் சொன்னது பெயர் இருக்கும் என்கிற நம்பிக்கையில். இருந்தது. நீல மையில், அம்மம்மாவின் கையெழுத்தில், யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று. ஃபிரேமில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் அடுத்தடுத்து வைத்தோம். அம்மம்மா முன்பக்கத்தைப் பார்த்துப் பெயர் சொல்லுவார், ஒரு நிமிடத்தில் பின்பக்கம் வரும், தான் இளவயதில் எழுதியதை வாசித்துத் தன்னைத் தானே திருத்துவார். கமலம் யார், மூத்தவள் யார் என்று நாங்கள் இப்போது ஒரு கொப்பியில் எழுதிவருகிறோம்.

இதையெல்லாம் செய்துமுடித்த பிறகும் ஒரு படத்தை மட்டும் அனுப்பாமல் வைத்திருந்தோம். பெரியமாமாவின் படம். அடையாள அட்டைக்கு எடுத்த சின்னக் கறுப்பு வெள்ளைப் படம். 1990இல் இருந்து அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அந்தப் படத்தைப் பெருப்பித்து அம்மம்மா அறைச் சுவரில் மாட்டியிருக்கிறார். மாலை போடுவதில்லை, விளக்கும் இல்லை. சின்னமாமா அதைப் போனில் எடுத்து நல்லெண்ணத்தோடு ஆல்பத்தில் ஏற்றியிருந்தார்.

சுவரில் இருக்கிற படத்தை அம்மம்மா தான் பார்க்க நினைக்கும்போது பார்க்கிறார். ஃபிரேமில் இருந்தால் நாளுக்கு ஐந்து தடவை அது அவரைத் தேடிவரும். பேரன் கேக் வெட்டுகிற படத்துக்குப் பிறகு வரும், ஒரு நிமிடம் நிற்கும், போய்விடும். எல்லாம் தானாக ஏறுகிற ஆல்பமாக இருந்திருந்தால் சின்னமாமா ஏற்றிய அன்றைக்கே வந்திருக்கும். நாங்கள் அம்மம்மாவிடம் கேட்டோம்.

கொஞ்ச நேரம் ஃபிரேமையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

“வேண்டாம் பிள்ளை. அவன் வந்து வந்து போகவேண்டாம். அங்கேயே நிக்கட்டும்.”

ஆல்பத்தில் இருந்து நாங்கள் அதை அழிக்கவில்லை. அனுப்பாதவை என்று இன்னொரு ஆல்பம் திறந்து அதிலும் சேர்த்து வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டு ஃபிரேமுக்கும் அப்படி ஒன்று தேவைப்படும். பிரிந்துபோன கலியாணம், ஆஸ்பத்திரிக் கட்டில், செத்தவீடு, எதுவாகவும் இருக்கலாம். எது அதற்குள் போகும் என்பதைப் படம் அனுப்புகிற ஆள் தீர்மானிக்கக்கூடாது, திரைக்கு முன்னால் இருக்கிற ஆளிடம்தான் கேட்கவேண்டும்.

கேட்டால் பதில் ஒரே மாதிரி வராது. கொட்டாஞ்சேனையில் அப்பம்மா தனிய இருக்கிறார். அவர் உட்கார்ந்து படம் பார்க்கிற ஆள் இல்லை. சமைப்பார், கூட்டுவார், செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய்வருவார், இடையில் போற வழியில் ஃபிரேமை ஒரு பார்வை. ஒரு நிமிடக் கணக்கு அவருக்குச் சரிவரவில்லை. “உலைக்கு அரிசி போட்டிட்டு வாறன், அதுக்குள்ள ஆள் மாறிட்டுது” என்றார். பேசி முடிக்க அங்கே இரண்டாவது ஆள் இல்லை. அவருக்கு வேண்டியது, திரும்பி வரும்போதும் அதே முகம் அங்கே இருப்பதுதான். அங்கே 15 நிமிடம் வைத்தோம். காலை ஆறில் இருந்து இரவு ஒன்பது வரை மொத்தம் 60 படம். அதற்குமேல் ஃபிரேமில் போடவில்லை, ஒவ்வொரு படமும் நாளுக்கு ஒரு தடவைதான் வரும்.

அப்பப்பா இறந்து ஆறு வருடம். அவர் படத்தைப் போடுவதா என்று இங்கேயும் கேட்டோம். கேட்டு முடிக்கமுதலே அப்பம்மா அலுமாரியைத் திறந்து நாலு படம் எடுத்துத் தந்தார். நாலையும் போடச் சொன்னார், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வேண்டாமாம், தள்ளித் தள்ளி வைக்கச் சொன்னார். பதினைந்து படத்துக்கு ஒன்றாக வைத்தோம். காலையில் ஒருக்கால், மத்தியானத்துக்கு முன்னும் பின்னும், இரவு ஃபிரேம் உறங்கப்போகமுதல் ஒருக்கால். நாலு தடவை, தடவைக்குப் பதினைந்து நிமிடம். நாளுக்கு ஒரு மணித்தியாலம் அப்பப்பா வீட்டில் நிற்கிறார்.